மூடிய பீட்டாவில் விளையாடிச் சோதித்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்: தாவல் பொத்தானில் உங்களால் மாறியவை

அன்புடையீர்,

எங்கள் ஆட்டத்தின் மூடிய பீட்டாவில் கடைசிப் பதிப்பு இந்நேரம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கும். அதனுடன் வந்த மாற்றங்களின் பட்டியலில் "தாவல் கட்டுப்பாடு சீராக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் உங்களில் பலருடைய பல மாலைப் பொழுதுகள் இருக்கின்றன என்பதும், நீங்கள் சொன்னதை நாங்கள் முதலில் தவறாகப் புரிந்துகொண்டு உங்கள் நேரத்தை வீணாக்கினோம் என்பதும் அந்த வரியைப் படிப்பவருக்குத் தெரியாது. எனவே என்ன நடந்தது, எது மாறியது, எது மாறவில்லை என்பதை உங்களிடம் முழுமையாகச் சொல்லிவிட்டு நன்றி கூறுவதே முறை என்று குழுவில் எல்லோரும் கருதினோம்.

முதல் பதிப்பு வெளியானதுமே உங்களிடமிருந்து வந்த கருத்துகளில் அதிகமானவை தாவலைப் பற்றியவை. "மேடைகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம்", "மூன்றாம் கட்டம் தேவையில்லாமல் கடினமாக இருக்கிறது", "பொத்தானை அழுத்தியும் தாவ மாட்டேன் என்கிறது" என்று அவை பலவிதமாக வந்தன. இவற்றில் மூன்றாவதாக உள்ள வாக்கியம்தான் உண்மையான தகவல். நாங்களோ முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு, மூன்றாவதைத் தோற்றுப்போனவரின் சலிப்பு என்று ஒதுக்கிவிட்டோம். பொத்தானை அழுத்தியதாகச் சொல்பவர் உண்மையில் ஒரு நொடிப்பொழுது தாமதமாக அழுத்தியிருப்பார் என்பதே எங்களுக்குள் பேச்சு. அப்படி நினைத்ததற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அழுத்தியதாகச் சொன்னவர்கள் உண்மையிலேயே அழுத்தியிருந்தார்கள்.

அந்தத் தவறான புரிதலோடு, இரண்டாம் பதிப்பில் மூன்றாம் கட்டத்தின் இடைவெளிகளைக் குறைத்தோம். அதன்பின் வந்த கருத்துகள் எங்களைக் குழப்பின. உங்களில் ஒரு சாரார், இப்போது சப்பென்று ஆகிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு கடக்கலாம் என்றார்கள். இன்னொரு சாரார், எந்த மாற்றமும் தெரியவில்லை, பாதித் தாவல்கள் இன்னமும் நிகழவே இல்லை என்றார்கள். மூன்றாவதாக ஒரு சிறு குழு, ஒருமுறை அழுத்தினாலே தரையிலிருந்து எழும் தாவலும் அந்தரத்தில் எடுக்க வேண்டிய இரண்டாம் தாவலும் சேர்ந்தே செலவாகிவிடுகின்றன என்றது. ஒரே கோப்பைப் பதிவிறக்கி, ஒரே கட்டத்தை விளையாடியவர்கள் இப்படி ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னபோதுதான், குறை கட்டத்தின் வடிவமைப்பில் இல்லை என்ற சந்தேகம் எங்களுக்கு வந்தது.

அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது உங்களில் ஒருவர் அனுப்பிய சிறு காணொளி. அவர் தம் விசைப்பலகையில் எந்த விசை அழுந்துகிறது என்பதைத் திரையின் மூலையில் காட்டும் மென்பொருளை ஓடவிட்டு, அதனுடன் ஆட்டத்தையும் பதிவுசெய்திருந்தார். அதை பிரேம் பிரேமாக, அதாவது ஒவ்வொரு படமாக, நகர்த்திப் பார்த்தோம். பாத்திரம் சமதளத்தில் அசையாமல் நிற்கிறது. விளிம்பு அருகில் இல்லை, எதிரியும் இல்லை. மூலையில் தாவல் விசை ஒளிர்கிறது, அணைகிறது. பாத்திரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மறுபடி ஒளிர்கிறது, அணைகிறது. அப்போதும் அசைவில்லை. மூன்றாம் முறை ஒளிரும்போது தாவுகிறது. இதில் தாமதமாக அழுத்தினார் என்று சொல்ல இடமே இல்லை.

அதன்பிறகுதான் உங்கள் அனைவரிடமும் திரையின் புதுப்பிப்பு வீதத்தையும், ஆட்டம் நொடிக்கு எத்தனை பிரேம் ஓடுகிறது என்பதையும் கேட்டோம். முதல் நாளிலேயே அந்தக் கேள்வியைப் படிவத்தில் வைத்திருக்க வேண்டும். நாங்கள் வைத்திருந்ததோ "கடினம் எப்படி? 1 முதல் 5 வரை மதிப்பிடுக" என்ற, யாருக்கும் பயன்படாத கேள்வி. உங்கள் பதில்கள் வந்து சேர்ந்ததும் குழப்பம் விலகியது. தாவல் நிகழவில்லை என்றவர்கள் 144 ஹெர்ட்ஸ் திரை வைத்திருந்தவர்கள். இரண்டு தாவலும் ஒன்றாகச் செலவாகின்றன என்றவர்கள் பழைய மடிக்கணினியில் நொடிக்கு 30 பிரேம் அளவில் ஓட்டியவர்கள். அவ்வப்போது மட்டும் தவறுகிறது, அது தங்கள் பிழையாக இருக்கலாம் என்று தயக்கத்துடன் எழுதியவர்கள் 60 ஹெர்ட்ஸ்காரர்கள். விலை உயர்ந்த கணினி வைத்திருந்தவருக்கே ஆட்டம் மிக மோசமாக இருந்தது என்பதுதான் இதில் முதன்மையான துப்பு.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஆட்டத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று திரையில் படம் வரைவதற்கானது. அது கணினியின் வேகத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். மற்றொன்று ஈர்ப்பு, மோதல், நகர்வு ஆகியவற்றைக் கணிக்கும் இயற்பியல் கடிகாரம். அது கணினி எதுவானாலும் மாறாத இடைவெளியில் துடிக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் யூனிட்டி என்ற ஆட்ட உருவாக்க மென்பொருளில் அந்த இடைவெளி, மாற்றாமல் விட்டால், 0.02 நொடி. அதாவது நொடிக்கு 50 துடிப்புகள். படம் வரையும் ஒவ்வொரு பிரேமிலும் `Update` ஒருமுறை இயங்கும். இயற்பியல் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் `FixedUpdate` ஒருமுறை இயங்கும். "இப்போதுதான் பொத்தான் அழுத்தப்பட்டதா?" என்று கேட்கும் `GetButtonDown`, அழுத்திய அந்த ஒரு பிரேமில் மட்டுமே "ஆம்" என்று சொல்லும். அடுத்த பிரேமில் அது "இல்லை" ஆகிவிடும். எனவே அதை `Update`-இல்தான் கேட்க வேண்டும். நாங்கள் `FixedUpdate`-இல் கேட்டுக்கொண்டிருந்தோம். தாவலுக்கான உந்துவிசையைக் கொடுக்கும் வரிகள் அங்கே இருந்ததால், பொத்தானைப் படிக்கும் வரியையும் அங்கேயே எழுதிவிட்டோம். பிழை முழுக்க எங்களுடையது.

இதன் விளைவை எண்களில் பார்த்தால் உங்கள் கருத்துகள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் அமர்கின்றன. 144 பிரேம் ஓடும் கணினியில் நொடிக்கு 50 பிரேம்களில் மட்டுமே இயற்பியல் துடிப்பு விழும். மீதி 94 பிரேம்களில் துடிப்பே இல்லை. அந்த 94-இல் ஒன்றில் நீங்கள் அழுத்தியிருந்தால், கேட்க ஆள் வருவதற்குள் பதில் மறைந்துவிடுகிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு அழுத்தங்கள் இப்படித் தொலைந்துபோகும். 60 பிரேமில் ஆறில் ஒன்று தொலையும். தன் கைத்தவறு என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கே அது குறைவு. 30 பிரேமில் நிலைமை தலைகீழ். ஒரு பிரேமுக்குள் சில நேரம் ஒரு துடிப்பும் பல நேரம் இரண்டு துடிப்புகளும் விழுகின்றன. இரண்டு துடிப்புகளும் அதே பிரேமின் "ஆம்" என்ற பதிலையே பெறுகின்றன. முதல் துடிப்பு தரையிலிருந்து தாவ வைக்கிறது, இரண்டாவது துடிப்பு பாத்திரம் ஏற்கெனவே அந்தரத்தில் இருப்பதைக் கண்டு இரண்டாம் தாவலையும் எடுத்துவிடுகிறது. எங்கள் கணினிகளில், உருவாக்கும் மென்பொருளுக்குள்ளேயே வைத்து ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தபோது வேகம் 50 பிரேமை ஒட்டியே இருந்தது. ஒரு பிரேமுக்கு ஒரு துடிப்பு. எங்களுக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்ததற்கு அதுவே காரணம்.

கணக்கு சரியாக இருக்கிறது என்பதால் மட்டுமே அதை நம்பிவிட நாங்கள் விரும்பவில்லை. ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர்கள். ஆகையால்தான் உங்களிடம் அந்தச் சலிப்பூட்டும் வேலையைக் கேட்டோம்: சமதளத்தில் நின்று, நிதானமாக இடைவெளி விட்டு 30 முறை தாவல் பொத்தானை அழுத்தி, எத்தனை முறை தாவவில்லை, எத்தனை முறை இரட்டைத் தாவல் ஆனது என்று எண்ணிச் சொல்லுங்கள். எங்கள் கணக்கின்படி 60 பிரேமில் ஏறத்தாழ 5 அழுத்தங்கள் தொலைய வேண்டும், 144-இல் ஏறத்தாழ 20, 30 பிரேமில் ஒன்றுகூடத் தொலையாமல் ஏறத்தாழ 20 முறை இரட்டைத் தாவல் நிகழ வேண்டும். நீங்கள் அனுப்பிய எண்ணிக்கைகள் இந்த மூன்றையும் ஒட்டியே வந்தன. அதிலும் ஒருவர், நாங்கள் கேட்காமலேயே, தம் 144 ஹெர்ட்ஸ் திரையை அமைப்பில் 60 ஆக மாற்றி மறுபடி 30 முறை அழுத்தி எண்ணியிருந்தார். அதே மனிதர், அதே விசைப்பலகை, அதே கை. தொலைந்த எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. விசைப்பலகையின் பழுதாக இருக்குமோ என்ற எங்கள் கடைசி ஐயத்தை அந்தச் சோதனை தீர்த்துவைத்தது.

நிரல் எழுதப் பழகிய ஒருவர், இயற்பியல் இடைவெளியை 0.01 நொடியாக்கினால் சரியாகிவிடுமே என்று நல்லெண்ணத்தோடு ஆலோசனை சொன்னார். அதை முயன்றும் பார்த்தோம். நொடிக்கு 100 துடிப்பு என்றால் 144 பிரேமில் தொலையும் அழுத்தங்கள் குறையும், ஆனால் தீராது. 60 பிரேமிலோ, முன்பு 30 பிரேம்காரர்கள் பட்ட பாடு அப்படியே வந்து சேரும், ஏனெனில் 60-க்கு 100 என்பதும் 30-க்கு 50 என்பதும் ஒரே விகிதம். பிழையை ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்கு இடம் மாற்றுவதாகவே அது முடிந்திருக்கும். இருந்தாலும் அந்த ஆலோசனைக்கு நன்றி. அதைச் சோதித்தபோதுதான் விகிதத்தின் பங்கு எங்களுக்கே தெளிவாக விளங்கியது.

இப்போது பொத்தானை `Update`-இல் படித்து, அழுத்தியதை 0.1 நொடி நினைவில் வைத்துக்கொண்டு, இயற்பியல் துடிப்பு வரும்போது எடுத்துப் பயன்படுத்துகிறோம். உங்களில் பலர் கேட்டதால் அதன் கருவை இங்கே தருகிறோம்.

```csharp
void Update() {
    if (Input.GetButtonDown("Jump"))
        jumpBuffer = 0.1f;
}

void FixedUpdate() {
    if (jumpBuffer > 0f && CanJump()) {
        Jump();
        jumpBuffer = 0f;
    }
    jumpBuffer -= Time.fixedDeltaTime;
}
```

தாவியதும் `jumpBuffer` சுழியாகிவிடுவதைக் கவனியுங்கள். ஒரு அழுத்தத்துக்கு ஒரு தாவல்தான் என்ற உறுதி அந்த ஒரு வரியில் இருக்கிறது. 30 பிரேம்காரர்களின் குறை அதனால் தீர்ந்தது. 144 பிரேம்காரர்களின் குறை, அழுத்தம் அடுத்த துடிப்பு வரை காத்திருப்பதால் தீர்ந்தது. மூன்றாம் பதிப்பில் நீங்கள் மறுபடி 30 முறை அழுத்தி எண்ணியபோது, மூன்று வேகங்களிலும் ஒன்றும் தொலையவில்லை, ஒன்றும் இரட்டிக்கவில்லை.

இந்த நினைவுநேரம் முதலில் 0.1 நொடியாக இல்லை, 0.2 நொடியாக வைத்திருந்தோம். பதற்றத்தில் பொத்தானைப் பலமுறை தட்டும் பழக்கம் உள்ள ஒருவர், முள்தரைக்கு முன்னால் உள்ள சிறு மேடையில் இறங்கிய மறுகணமே பாத்திரம் தானாகத் துள்ளி முள்ளில் போய் விழுகிறது என்று எழுதினார். அவர் அந்தரத்தில் இருந்தபோது கடைசியாகத் தட்டிய தட்டு, அவர் அதை மறந்துவிட்ட பிறகும் ஆட்டத்தின் நினைவில் இருந்திருக்கிறது. தரை தொடுவதற்குச் சற்று முன் அழுத்தியவருக்கு அந்த நினைவு உதவியாக இருக்கிறது, ஆனால் அளவு மீறினால் கை கேட்காததையெல்லாம் ஆட்டம் செய்கிறது. 0.1 நொடி என்பது ஐந்து துடிப்புகள். அந்த அளவில் இரண்டு தரப்பினரும் நிறைவாக இருப்பதாகச் சொன்னதால் அதையே நிலைநிறுத்தியிருக்கிறோம்.

தொலைந்த அழுத்தங்கள் தீர்ந்த பிறகும் ஒரு குறை மிச்சம் இருந்தது. அதை நாங்கள் தனியாகக் கண்டுபிடித்திருக்கவே முடியாது, ஏனென்றால் பெரிய குறையின் இரைச்சலில் அது மறைந்து கிடந்தது. "ஓடிவந்து விளிம்பில் தாவினால் இரண்டாம் தாவல் கிடைப்பதில்லை" என்று மூன்றாம் பதிப்பில் சிலர் எழுதினார்கள். இந்தமுறை நாங்கள் நம்பினோம், காணொளி கேட்டோம், பிரேம் பிரேமாகப் பார்த்தோம். பாத்திரத்தின் மோதல் எல்லை விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று துடிப்புகள் ஆனபின் பொத்தான் அழுத்தப்படுகிறது. கண்ணுக்கோ கால் இன்னும் மேடையில் இருப்பது போலவே தெரிகிறது, ஏனெனில் வரைந்த உருவம் மோதல் எல்லையைவிட அகலமானது. ஆட்டம் அந்த அழுத்தத்தை அந்தரத்தில் எடுத்த இரண்டாம் தாவலாகக் கணக்கிடுகிறது. விளையாடுபவர் அதை முதல் தாவல் என்று எண்ணி, உச்சியில் மறுபடி அழுத்தும்போது ஒன்றும் மிச்சமில்லை.

இதற்குத் தீர்வு இத்துறையில் பழக்கமானதுதான். விளிம்பைவிட்டு நகர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் பாத்திரம் தரையில் இருப்பதாகவே கொள்வது. கேலிச்சித்திரத்தில் பாறை விளிம்பைத் தாண்டி ஓடிய கயோட்டி, கீழே பார்க்கும்வரை விழாமல் இருக்குமே, அதை வைத்து இதற்குக் கயோட்டி டைம் என்று பெயர். நாங்கள் 0.08 நொடி, அதாவது நான்கு துடிப்புகள் கொடுத்திருக்கிறோம். தாவி மேலெழுந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது, நடந்தோ ஓடியோ விளிம்பைக் கடந்தவருக்கு மட்டுமே. இந்த நிபந்தனையை முதல் முயற்சியில் எழுத மறந்தோம். அதனால் தாவிய உடனே மீண்டும் அழுத்தினால் தரைத்தாவல் இன்னொன்று இலவசமாகக் கிடைத்தது. எட்டவே கூடாத இடங்களையெல்லாம் மூன்று தாவலில் எட்டி, அங்கிருந்து படம் எடுத்து அனுப்பியவர்களுக்குத் தனி நன்றி. அந்தப் படங்களால் அது ஒரே நாளில் சரியாயிற்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாம் கட்டத்தின் இடைவெளிகளைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டோம். பொத்தான் ஒழுங்காகக் கேட்கும்போது அந்த இடைவெளிகள் நியாயமானவை என்று, குறைக்கச் சொன்னவர்களே இப்போது எழுதியிருக்கிறார்கள். 144 ஹெர்ட்ஸ் திரையில் நகர்வு நடுங்குவதாகச் சொன்னதற்கு, துடிப்புகளுக்கு இடையிலான நிலையை நிரப்பி வரையும் வசதியை இயக்கியிருக்கிறோம். அதனால் திரையில் தெரியும் நிலை அதிகபட்சம் ஒரு துடிப்பு, அதாவது 0.02 நொடி, பின்தங்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நடுக்கத்தைவிட இது மேல் என்பது எங்கள் முடிவு. உடன்படாதவர்கள் அமைப்புகளில் அதை நிறுத்திக்கொள்ளலாம்.

செய்யாமல் விட்டதும் உண்டு. தொலைக்காட்சியில் இணைத்து விளையாடுபவர்கள் சொன்ன தாமதத்தின் பெரும்பகுதி, தொலைக்காட்சி படத்தை மெருகேற்றுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம். அதை ஆட்டத்துக்குள்ளிருந்து எங்களால் குறைக்க முடியாது. தொலைக்காட்சியில் கேம் மோடு என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்குவதே வழி. தலைமை எதிரியோடு மோதும் இறுதிக் கட்டத்தின் நடுவில் இன்னொரு சேமிப்பு இடம் வேண்டும் என்று கேட்டவர்களும் கணிசம். அதைப் பலமுறை விவாதித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அந்த மோதலை மூன்று நிமிடத்துக்குள் முடியும்படி சுருக்கியிருக்கிறோம். தோற்றால் முதலிலிருந்து தொடங்குவது அதன்பிறகு பெரிய சுமையாக இராது என்று நினைக்கிறோம்.

பீட்டாவில் நீங்கள் சேமித்துவைத்த ஆட்டங்கள் வெளியீட்டுப் பதிப்பில் திறக்காது. மேடைகளின் இடங்கள் மாறியிருப்பதால் பழைய சேமிப்பு சுவருக்குள் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். அவ்வளவு தூரம் விளையாடிய உங்களிடம் இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. நன்றிப் பட்டியலில் பெயர் வரச் சம்மதம் தந்தவர்களின் பெயர்கள், அவர்கள் எழுதித் தந்த வடிவிலேயே இடம்பெறும். சம்மதம் தராதவர்களின் பெயர் எங்கும் வராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 30, 60, 144 ஆகிய மூன்று வேகங்களிலும் எண்ணிப் பார்த்துவிட்டோம். 240 ஹெர்ட்ஸ் திரையில் இதுவரை யாரும் எண்ணிச் சொல்லவில்லை, எங்களிடமும் அந்தத் திரை இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால், கடைசிப் பதிப்பில் முதல் கட்டத்தின் தொடக்கத்தில் உள்ள சமதளத்தில் நின்று 30 முறை அழுத்தி, எண்ணிக்கையை வழக்கமான படிவத்தில் எழுதி அனுப்புங்கள். 30-இல் ஒன்று தவறினாலும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

நன்றியுடனும் மதிப்புடனும்,
உருவாக்கக் குழுவின் சார்பில்,
ஆட்டக் கட்டுப்பாடுகளுக்குப் பொறுப்பான நிரலாளர்